ஈஆர் சிலைடில் நீலம் தெரிந்தால் நெகட்டிவ் என்று எழுதும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மார்புக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர், அதாவது ஈஆர், இருக்கிறதா என்பதை, ஆன்டிபாடி ஒட்டிப் புரதத்தைக் காட்டும் ஐஹெச்சி சிலைடில் நியூக்ளியஸின் நிறத்தை வைத்துத்தான் சொல்கிறோம். ரிசப்டர் உள்ள நியூக்ளியஸில் டிஏபி என்ற நிறப்பொருள் படிந்து பழுப்பாகும். இல்லாதது ஹெமடாக்சிலின் தந்த நீலத்தோடு நின்றுவிடும். ஊடுருவும் கட்டிச் செல்களில் நூற்றுக்கு ஒன்று பழுப்பாக இருந்தாலே பாசிட்டிவ் கணக்கில் வரும். அந்தப் பெண்மணிக்கு டாமாக்சிஃபெனோ லெட்ரோசோலோ கொடுக்கலாமா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

இந்தச் சோதனையில் பொய்யான நெகட்டிவ் வருவதற்குத்தான் வழிகள் அதிகம். ரிசப்டர் புரதம் மென்மையானது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கவர் ஸ்லிப் ஒட்டும் வரை எந்த இடத்தில் கைதவறினாலும் அது காணாமல் போகும். இல்லாத ரிசப்டர் இருப்பது போல நியூக்ளியஸுக்குள் பளிச்சென்று தெரிவது அதைவிட அரிது. அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி, பழுப்பு வராத சிலைடைப் பற்றியதே.

முதலில் பார்க்கும் வரிசை. கட்டியைக் கடைசியில் பாருங்கள். அதே பிளாக்கின் ஹெச் அண்ட் இ சிலைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊடுருவும் கட்டி எது, நாளத்துக்குள்ளேயே நிற்கும் டிசிஐஎஸ் எது, சாதாரண பால்நாளம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வெளிக் கன்ட்ரோல், அதாவது அதே ஓட்டத்தில் ஸ்டெயின் செய்த வேறு திசு. அதற்குப் பிறகு உள் கன்ட்ரோல், அதாவது நோயாளியின் சிலைடிலேயே கட்டிக்கு அருகில் இருக்கும் சாதாரண பால்நாளமும் மடல்களும். நாற்பது எக்ஸில் ஒரு நல்ல பால்நாளத்தில் நின்று பாருங்கள். குழலின் உள்வட்டச் செல்களில் ஒன்று அடர்பழுப்பு, பக்கத்தில் இரண்டு நீலம், அடுத்தது வெளிர்பழுப்பு என்று கலந்து இருக்கும். அதைச் சுற்றியுள்ள வெளிவட்ட மயோஎபிதீலியச் செல்கள் நீலமாகவே இருக்கும். இந்தக் கலவைதான் சோதனை சரியாக வேலை செய்ததற்கு அடையாளம். இதைப் பார்த்த பிறகு கட்டிக்குப் போனால் கண் ஏமாறாது.

அறிகுறி 1: கட்டி முழுக்க நீலம், சாதாரண பால்நாளமும் நீலம்

இது நெகட்டிவ் அல்ல. சோதனை நடக்கவே இல்லை என்று பொருள். இந்த நிலையில் ரிப்போர்ட் அடிக்கக் கூடாது.

வெளிக் கன்ட்ரோலைத் திரும்பப் பாருங்கள். அதுவும் நீலமாக இருந்தால் தவறு அன்றைய ஓட்டத்தில் இருக்கிறது. நோயாளியின் பிளாக் மீது பழி இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆன்டிஜன் ரிட்ரீவல். ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே கட்டிப் போட்டிருக்கும். பஃபரில் போட்டுக் கொதிக்கும் சூட்டுக்கு அருகில் வைத்தால்தான் அந்தக் கட்டுகள் தளர்ந்து ஆன்டிபாடி ஒட்ட இடம் கிடைக்கும். இதற்குப் பிஹெச் 9 உள்ள ட்ரிஸ்-ஈடிடிஏ, அல்லது பிஹெச் 6 உள்ள சிட்ரேட் பயன்படும். எது என்பதை உங்கள் ஆன்டிபாடியோடு வந்த தாள் சொல்லும். பஃபர் கலக்கிய அன்றே பிஹெச் மீட்டரில் பார்த்துப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டதென்று கேன் தண்ணீரில் கலக்கினால் பிஹெச் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. குக்கர் முறை என்றால் இடையில் கரண்ட் போய் ஸ்டவ் அணைந்ததா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். 'அஞ்சு நிமிஷம்தான் மேடம் போச்சு' என்று பதில் வந்தால், அந்த ஓட்டத்தை முழுவதும் திரும்பச் செய்வதே நல்லது.

ரிட்ரீவல் சரி என்றால் ஆன்டிபாடியின் காலாவதித் தேதி, பிரிட்ஜ் சூடு, பிறகு டிஏபி. டிஏபியைச் சோதிப்பது எளிது. வெள்ளைத் தட்டில் கலக்கிய டிஏபி ஒரு சொட்டு விட்டு, அதில் பெராக்சிடேஸ் உள்ள இரண்டாம் நிலை ரீஏஜென்ட் ஒரு சொட்டு சேருங்கள். சிறிது நேரத்தில் பழுப்பானால் அந்த இரண்டும் உயிரோடு இருக்கின்றன. தவறு அதற்கு முந்தைய படிகளில்.

வெளிக் கன்ட்ரோல் பற்றி ஒன்று. பல லேப்களில், எந்தச் சூழ்நிலையிலும் கருப்பாகத் தெரியும் அளவுக்கு வலுவான பாசிட்டிவ் கட்டி ஒன்றைக் கன்ட்ரோலாக வைத்திருப்பார்கள். ஆன்டிபாடி பாதி வீரியம் இழந்தாலும் அந்தக் கட்டி பழுப்பாகவே தெரியும். வீரியம் குறைந்ததை அது காட்டிக்கொடுக்காது. டான்சில் திசுவை வைத்தால் காட்டிக்கொடுக்கும். அதில் ஜெர்மினல் சென்டரில் சிதறிக் கிடக்கும் சில செல்களும் மேல்தோல் எபிதீலியத்தில் சில செல்களும் மட்டும் ஈஆருக்குப் பழுப்பாகும். சுற்றியுள்ள மேன்டில் லிம்ஃபோசைட்டுகள் நீலமாக நிற்கும். அந்தச் சிலவும் மறைந்துவிட்டால் அன்றைய ஓட்டத்தின் கூர்மை போய்விட்டது. புரோஜெஸ்டிரோன் ரிசப்டரான பிஆருக்கு டான்சில் உதவாது, கருப்பைவாய்த் திசு வையுங்கள்.

வெளிக் கன்ட்ரோல் நன்றாக இருந்து, நோயாளியின் பால்நாளம் மட்டும் நீலமாக இருந்தால் தவறு பிளாக்கில். அடுத்த அறிகுறியில் அதை விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: சிலைடு எப்போது வெட்டியது? வெட்டி ஆறு வாரத்துக்கு மேல் டப்பாவில் கிடந்த சிலைடில் ரிசப்டர் மங்கியிருக்கும். அதே பிளாக்கில் புதிதாக வெட்டிப் பாருங்கள்.

அறிகுறி 2: ஓரத்தில் பழுப்பு, நடுவில் நீலம்

அதிகம் குழப்புவது இதுதான். காரணம் இரண்டு, இரண்டும் நேர் எதிர். ஒன்று, ஓரம் பொய், நடு உண்மை. மற்றது, ஓரம் உண்மை, நடு பொய்.

ஓரம் பொய்யாக இருப்பது, ஸ்டெயின் செய்யும்போது திசுவின் விளிம்பு காய்ந்து ரீஏஜென்ட் அங்கே தேங்கியதால். நம் ஊர்க் கோடையில், மேலே மின்விசிறி சுற்றும் அறையில், ஈரப்பெட்டியின் மூடி சரியாக மூடாமல் இருந்தால் இது உடனே நடக்கும். அங்கே பழுப்பு நியூக்ளியஸோடு நிற்காது. சைட்டோபிளாசம், ஸ்ட்ரோமா, கொலாஜன் என்று விளிம்பு நெடுகிலும் கறை போலப் பரவியிருக்கும். விளிம்பில் உள்ள கொழுப்புச் செல் சுவர்கூடப் பழுப்பாக இருக்கும். அந்தப் பட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடு பொய்யாக இருப்பது ஃபார்மலின் உள்ளே போய்ச் சேராததால். இங்கே ஓரத்துப் பழுப்பு சுத்தமாக நியூக்ளியஸுக்குள் இருக்கும், ஸ்ட்ரோமா வெள்ளையாக இருக்கும். அதே இடத்தை ஹெச் அண்ட் இயில் பாருங்கள். நடுப்பகுதி நியூக்ளியஸ்கள் வெளுத்து, குரோமாட்டின் மங்கி, செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும். இரண்டு சிலைடையும் அடுத்தடுத்து வைத்தால் எல்லை ஒரே கோட்டில் விழும்.

இப்படி ஒரு சிலைடை முழுக்கப் பார்ப்போம். கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கட்டியைச் சுற்றியுள்ள திசுவோடு எடுக்கிறார்கள். மொத்தத் துண்டு ஆறு சென்டிமீட்டர், நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. துண்டை வெட்டாமல் அப்படியே அரை லிட்டர் டப்பாவில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பத்து மணிக்குப் புதுச்சேரி லேபில் டப்பா இறங்குகிறது. படிவத்தில் ஃபார்மலின் நேரம் 41 மணி. ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்ற விதிக்குள் இது அழகாக அடங்குகிறது. ஆனால் அந்த 41 மணி நேரம் டப்பாவுக்குத்தான், கட்டிக்கு அல்ல.

ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும். ஆழம் கூடக் கூட வேகம் இன்னும் குறையும். துண்டின் வெளித்தோலிலிருந்து கட்டியின் விளிம்புக்கே பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர், நடுவுக்கு முப்பது. ஆக, கட்டியின் மையம் ஃபார்மலினைப் பார்ப்பதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை அது ரத்த ஓட்டம் இல்லாமல் அறைச் சூட்டில் கிடந்திருக்கிறது. துண்டை எடுத்ததிலிருந்து ஃபார்மலின் படும் வரையிலான நேரம் ஒரு மணிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தச் சோதனைக்கான விதி. மையத்துக்கு அது ஒரு நாள்.

சிலைடில் என்ன தெரிகிறது? கட்டியின் நடுவிலிருந்து எடுத்த பிளாக்கில் ஈஆர் சுத்தமாக நீலம். அங்கே அகப்பட்ட ஒரே ஒரு பால்நாளமும் நீலம். கட்டியின் விளிம்பிலிருந்து எடுத்த பிளாக்கில் முப்பது சதவீத நியூக்ளியஸ்கள் நடுத்தரப் பழுப்பு, அதுவும் வெளிப்பக்கம் நோக்கி அடர்ந்து, உள்பக்கம் போகப் போக மங்கி. பக்கத்துப் பால்நாளம் நன்றாகக் கலந்து பழுத்திருக்கிறது. முதல் பிளாக்கை மட்டும் பார்த்தவர் நெகட்டிவ் என்றிருப்பார். இரண்டையும் பார்த்தவர் 'கட்டியில் வேறுபாடு' என்று எழுதியிருப்பார். இரண்டும் தவறு.

சரியான நகர்வு: இதே நோயாளிக்கு மூன்று வாரத்துக்கு முன் எடுத்த கோர் பயாப்சி பிளாக்கைத் தேடி வரவழைப்பது. கோர் என்பது நூல் போன்ற திசு. ஃபார்மலின் இரண்டு பக்கமும் உடனே நுழைந்துவிடும். அந்தக் கோர் பதினெட்டு மணி நேரம் ஃபார்மலினில் இருந்தது. அதில் ஈஆர் தொண்ணூறு சதவீதம், வலுவான பழுப்பு. ரிப்போர்ட்டில் போக வேண்டிய எண் இதுதான். கோர் கிடைக்காவிட்டால் அக்குள் நிணநீர் முடிச்சில் பரவிய கட்டியில் செய்யலாம். சின்ன முடிச்சு நன்றாகப் பதப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால், ஒழுங்காகப் பதப்பட்ட விளிம்புப் பிளாக்கில் வந்ததைச் சொல்லி, மையத்தில் பதப்படுத்தல் போதாததால் சதவீதம் குறைத்துக் காட்டக்கூடும் என்று அதே வரியில் எழுதுங்கள்.

ரிட்ரீவல் நேரத்தைக் கூட்டினால் வராதா என்று கேட்பார்கள். பதப்படாமல் சிதைந்துபோன புரதத்தை எந்தக் குக்கரும் திரும்பக் கொண்டுவராது. நீண்ட ரிட்ரீவல் உதவுவது, நீண்ட நாள் ஃபார்மலினில் கிடந்து கட்டுகள் இறுகிய திசுவுக்கு. பொங்கல் விடுமுறையில் நான்கு ஐந்து நாள் டப்பாவிலேயே கிடந்தவை இந்த வகை. அப்போதும், உங்கள் லேபில் முன்பே சோதித்து உறுதிசெய்த நேரத்தைத்தான் பயன்படுத்தலாம்.

இந்தச் சிக்கலை அடைப்பதற்கான வேலை தியேட்டரில் பத்து நிமிடம்தான். துண்டு வெளியே வந்ததும் எல்லைகளுக்கு மை தடவிவிட்டு, கத்தியால் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் வீதம் கட்டியின் ஊடாக வெட்ட வேண்டும். இடையில் பஞ்சோ வடிதாளோ செருகினால் ஃபார்மலின் எல்லா முகத்திலும் படும். திசுவைப் போலப் பத்து மடங்கு கொள்ளளவு ஃபார்மலின் வேண்டும். அரை லிட்டர் டப்பாவில் திசுவை அமுக்கி வைப்பது வேலைக்கு ஆகாது. வெட்டினால் எல்லை பார்ப்பது கெட்டுவிடும் என்று சர்ஜன் தயங்கினால், பின்பக்கத்திலிருந்து மட்டும் கீறி முன்பக்கம் ஒட்டியபடி விடலாம், புத்தகத்தின் முதுகு போல. எடுத்த நேரம், வெட்டிப் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நேரமாக எழுதினால் மேலே சொன்ன 41 மணிக் கணக்கு மறுபடியும் ஏமாற்றும்.

அறிகுறி 3: கட்டி நீலம், பால்நாளம் நன்றாகப் பழுப்பு

இது பெரும்பாலும் உண்மையான நெகட்டிவ். ஆனாலும் கட்டியின் முகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். லோபுலார், டியூபுலார், மியூசினஸ் வகைக் கட்டிகளும் கிரேடு ஒன்று கட்டிகளும் ஏறக்குறைய எப்போதும் ஈஆர் பாசிட்டிவ். இவற்றில் நீலம் வந்தால் வேறு பிளாக்கில் திரும்பச் செய்யாமல் நெகட்டிவ் எழுதக் கூடாது. கிரேடு மூன்றோ, மெட்டாபிளாஸ்டிக் கட்டியோ, அடினாய்டு சிஸ்டிக் கட்டியோ என்றால் நீலம் எதிர்பார்த்ததே.

ஹெமடாக்சிலின் அடர்த்தியையும் பாருங்கள். நீலம் கருநீலமாகிவிட்டால் அடியில் இருக்கும் வெளிர்பழுப்பை அது மூடிவிடும். நியூக்ளியஸுக்குள் குரோமாட்டின் தெரியாத அளவு அடர்ந்திருந்தால் இன்னொரு சிலைடை ஹெமடாக்சிலினில் குறைந்த நேரம் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். மெல்லிய நீலத்தில்தான் பழுப்பு பேசும்.

கோர் பயாப்சியில் சாதாரண பால்நாளமே அகப்படாமல் போவது சகஜம். கட்டி நீலமாக இருந்து உள் கன்ட்ரோலும் இல்லையென்றால், வெளிக் கன்ட்ரோல் சரியாக இருந்தது, உள் கன்ட்ரோல் இல்லை என்று இரண்டையும் எழுதி, ஆபரேஷனில் எடுக்கும் துண்டில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர்பழுப்பு

ஒரு சதவீதத்திலிருந்து பத்து சதவீதம் வரை உள்ள கட்டிகளுக்கு 2020-இல் ஆஸ்கோ, கேப் அமைப்புகள் தந்த வழிகாட்டல் 'ஈஆர் லோ பாசிட்டிவ்' என்று தனிப் பெயர் கொடுத்தது. ஒன்றுக்குக் கீழ் நெகட்டிவ். பத்துக்கு மேல் வெறும் பாசிட்டிவ். பிஆருக்கு இந்த லோ வகை கிடையாது. அங்கே ஒன்றும் அதற்கு மேலும் பாசிட்டிவ், அவ்வளவுதான். எனவே இந்த எல்லைகளுக்கு அருகில் கண் மதிப்பு போதாது. எண்ண வேண்டும்.

எண்ணும்போது தவறுவது பெரும்பாலும் யாரை எண்ணுவது என்பதில். ஒரு புலத்தைப் படமெடுத்து எண்ணியதில் மொத்தம் 240 நியூக்ளியஸ், பழுப்பு 31. பதிமூன்று சதவீதம், பாசிட்டிவ் என்று தோன்றும். ஹெச் அண்ட் இயோடு ஒப்பிட்டால், கட்டிக்கு நடுவே சிக்கிய சாதாரண பால்நாளம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் 26 நியூக்ளியஸ், அவற்றில் 19 பழுப்பு. அதுபோக 34 லிம்ஃபோசைட்டுகள், சின்னதாக, வட்டமாக, கருநீலமாக. இந்த இரண்டு கூட்டத்தையும் கழித்தால் மிஞ்சும் கட்டிச் செல் 180, பழுப்பு 12. ஏழு சதவீதம்கூட இல்லை. சிக்கியது பால்நாளமா, கட்டிச் சுரப்பியா என்று சந்தேகம் வந்தால் மயோஎபிதீலியச் செல்களைக் காட்டும் பி63 போட்டுப் பாருங்கள். சுற்றிலும் மயோஎபிதீலிய வட்டம் தெரிந்தால் அது ஊடுருவும் கட்டி இல்லை. டிசிஐஎஸும் அப்படியே, அதன் பழுப்பை ஊடுருவும் கட்டியின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு புலத்தோடு நிறுத்தாதீர்கள். பழுப்பு அதிகமுள்ள இடத்தைத் தேடிப் போய் எண்ணுவது மனித இயல்பு. எண்ணுவதற்கு முன்பே குறைந்த பெரிதாக்கலில் முழுக் கட்டியையும் வலம் வந்து, அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சிலைடில் மற்ற இரண்டு இடங்களில் 210-க்கு 5, 190-க்கு 8 வந்தால், மொத்தம் 580-க்கு 25. நான்கு சதவீதம். லோ பாசிட்டிவ்.

வெளிர்பழுப்பா, அழுக்கு நீலமா என்ற கேள்வி எப்போதும் வரும். நாற்பது எக்ஸில், பக்கத்திலேயே சந்தேகமில்லாத நீல நியூக்ளியஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பாருங்கள். ஃபைன் ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் திருப்புங்கள். உண்மையான பழுப்பு நியூக்ளியஸின் அதே தளத்தில் தெளிவாகும், அதன் கோட்டுக்குள் முழுக்க நிறைந்திருக்கும். நியூக்ளியஸ் தெளிவாக இருக்கும்போது பழுப்பு மங்கி, வேறு தளத்தில் தெளிவானால் அது மேலே படிந்த தூசு. மைக்ராஸ்கோப்பின் விளக்கு மஞ்சளாக எரிந்தாலும் நீலம் எல்லாம் பழுப்பாகத் தோன்றும். காலியான கண்ணாடிப் பகுதி வெள்ளையாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். உண்மையான பழுப்பு என்று முடிவானால் எவ்வளவு வெளிர் ஆனாலும் எண்ணில் சேரும். வெளிர் என்பதைத் தீவிரத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஆல்ரெட் முறையில் இந்தச் சிலைடுக்கு விகிதத்துக்கு 2, தீவிரத்துக்கு 1, கூட்டினால் 3. அந்த முறையிலும் மூன்று முதல் பாசிட்டிவ்தான்.

அறிகுறி 5: பழுப்பு இருக்கிறது, ஆனால் நியூக்ளியஸில் இல்லை

ஈஆர், பிஆர் இரண்டுக்கும் நியூக்ளியஸ் மட்டுமே கணக்கு. சைட்டோபிளாசத்தில் எவ்வளவு அடர்ந்தாலும் பூஜ்ஜியம். எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி மூட்டமாக இருந்தால் ஆன்டிபாடி நீர்ப்பு போதவில்லை, அல்லது கழுவியது போதவில்லை. சிவப்பணுக்களும் பழுப்பாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாக் சரியாக நடக்கவில்லை; மூன்று சதவீதக் கரைசல் திறந்து நாளானால் வீரியம் இழக்கும்.

பொடிப்பொடியாகப் பழுப்பு கண்டால் ஹெச் அண்ட் இயில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் அது டிஏபி இல்லை. பழைய ரத்தக்கசிவு உள்ள இடத்தில் மேக்ரோஃபேஜுக்குள் பொன்பழுப்பாக இருந்தால் ஹீமோசிடரின். பெர்ல்ஸ் ஸ்டெயினில் நீலமாகும். ரத்தம் உள்ள இடமெங்கும் கரும்பழுப்புத் துகளாக இருந்தால் ஃபார்மலின் நிறமி, ஃபார்மலின் அமிலமாகிவிட்டது என்று அறிகுறி. பஃபர் சேர்க்காமல் வெறுமனே தண்ணீர் கலந்த ஃபார்மலினில்தான் இது வரும், ரிசப்டரும் அதில் கெடும். ஒரு லிட்டருக்கு ஃபார்மலின் 100 மில்லி, டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். கடலூரிலிருந்து திசு அனுப்பும் நர்சிங் ஹோம்களுக்கு இந்த அளவில் லேபிலேயே கலக்கி, தேதி ஒட்டி, டப்பாவாகக் கொடுத்துவிடுவது இரண்டு தரப்புக்கும் நல்லது.

அறிகுறி 6: ஈஆர் நீலம், பிஆர் பழுப்பு

ஈஆர் வேலை செய்தால்தான் செல் பிஆரை உற்பத்தி செய்யும். அதனால் இந்தச் சேர்க்கை அரிது. கண்டதும் ஈஆரில் தவறு என்று எடுத்துக்கொண்டு புதிய சிலைடில், முடிந்தால் வேறு பிளாக்கில், முடிந்தால் வேறு க்ளோனில் திரும்பச் செய்யுங்கள். எஸ்பி1, 6எஃப்11 போன்ற க்ளோன்கள் ஒரே கட்டியில் சற்றே மாறுபடலாம். இரண்டாம் முறையும் அதே வந்தால் அப்படியே எழுதலாம். எதிர்ச் சேர்க்கையான ஈஆர் பழுப்பு, பிஆர் நீலம் என்பது சாதாரணம். அதற்காகத் திரும்பச் செய்ய வேண்டாம்.

எலும்புக்குப் பரவிய கட்டி என்றால் மட்டும், எந்தச் சேர்க்கை வந்தாலும், சுண்ணாம்பு நீக்க என்ன பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். வலுவான அமிலத்தில் ஊறிய திசுவில் நீலத்தை நம்ப முடியாது. ஈடிடிஏவில் ஊறியது என்றால் நம்பலாம்.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய வரி, நான்கு சதவீதம் வந்த அந்தச் சிலைடுக்கு, இப்படி இருக்கும்: 'ஈஆர் லோ பாசிட்டிவ். ஊடுருவும் கட்டிச் செல்களில் 4 சதவீதம், வெளிர் தீவிரம். உள் கன்ட்ரோல், அதாவது சாதாரண பால்நாளம், எதிர்பார்த்தபடி பழுப்பானது. வெளிக் கன்ட்ரோல் சரி. துண்டு எடுத்ததிலிருந்து ஃபார்மலின் வரை நேரம் 30 நிமிடம், ஃபார்மலினில் 22 மணி. பிளாக் எண் 2. ஒன்று முதல் பத்து சதவீதக் கட்டிகளில் ஹார்மோன் சிகிச்சையின் பலன் பற்றிய தரவு குறைவு. பலன் இருக்கக்கூடும் என்பதால் சிகிச்சைக்குத் தகுதியானவர் என்று கருதப்படுகிறார். இவ்வகைக் கட்டிகளில் பல, ஈஆர் நெகட்டிவ் கட்டிகளைப் போலவே நடந்துகொள்ளும்.' பிளாக் எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆங்காலஜிஸ்ட் நான்கு மாதம் கழித்துச் சந்தேகம் கேட்கும்போது, எந்தப் பிளாக்கைத் திரும்ப வெட்டுவது என்று அந்த ஒரு எண்தான் சொல்லும்.